28 வருட அனுபவம்: ரெஸ்யூமேவை எந்த வருடத்தில் வெட்டுவது?

வாசகர் கேள்வி

மேடம், எனக்கு 47 வயது. கோவை. 1997-ல் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தேன். லேத் பட்டறையில் ஆரம்பித்து, பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்டர், 2003 முதல் பவுண்டரியில் குவாலிட்டி இன்ஜினியர், 2008 முதல் வாகன பாகங்கள் மெஷினிங் செய்யும் கம்பெனியில் உதவி மேலாளர் என்று வந்தேன். 2014-லிருந்து பெரிய உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சப்ளையர் குவாலிட்டி மேனேஜர். எங்கள் பிரிவை வெளிமாநிலத்துக்கு மாற்றியதால் 2025 மார்ச்சில் வேலை போனது. ஏழு மாதமாக அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தேன். வந்தது மூன்று அழைப்பு. ஒருவர், "சார், உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப ஜாஸ்தி" என்று போனிலேயே முடித்துவிட்டார். ஓசூர் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தை இணைத்திருக்கிறேன். 12 முதல் 18 வருட அனுபவம் கேட்கிறார்கள். நான் செய்த அதே வேலை. என் ரெஸ்யூமே ஐந்து பக்கம். "பத்து வருஷத்துக்கு முன்னாடி உள்ளதை எல்லாம் வெட்டி ஒரே பக்கம் ஆக்குங்கப்பா" என்கிறாள் மகள். மறைத்தால் பி.எஃப். பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், மோசடி ஆகிவிடும் என்கிறார் நண்பர். பாடுபட்ட வருடங்களை நானே அழிப்பதா? வயதைக் காரணம் காட்டி ஒதுக்குவது சட்டப்படி சரியா?

ஆலோசகர் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் ரெஸ்யூமேவையும் ஓசூர் விளம்பரத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன். மகள் வெட்டச் சொல்வது சரி, ஆனால் வெட்டச் சொல்லும் இடம் தப்பு. நண்பரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் வர வேண்டியது ரெஸ்யூமே எழுதும்போது அல்ல, பிறகு வரும் வேறொரு காகிதத்தை நிரப்பும்போது. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன், என் தரப்பிலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன். உதிரிபாகக் கம்பெனிகளில் ஆளெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். ஒருமுறை இதேபோன்ற பதவிக்கு ஒருவரின் ஆறு பக்க ரெஸ்யூமே வந்தது. முதல் பக்கம் முழுக்க பாலிடெக்னிக், அப்ரண்டிஸ், ஜவுளி இயந்திரக் கம்பெனி. இரண்டாம் பக்கத்தின் பாதியில் நான் நிறுத்திவிட்டேன். ஆள் கிடைக்காமல் இரண்டு மாதம் கழித்து அதே கோப்பை மறுபடி எடுத்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்கு வேண்டிய ஆள் ஐந்தாம் பக்கத்தில் இருந்தார். போன் செய்தேன். அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார். தவறு என்னுடையதுதான், ஆனால் என்னைப் போலவே படிப்பவர்கள்தான் பெரும்பாலும் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். உங்கள் ரெஸ்யூமேவும் 1997-லிருந்து கிளம்பி நடந்து வருகிறது. ஓசூர்க்காரர் கேட்கும் வேலை நான்காம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

முதல் வரியில் நிற்கும் 28

உங்கள் ரெஸ்யூமே "28 வருடச் செழுமையான அனுபவம்" என்று தொடங்குகிறது. விளம்பரத்தில் மேல் எல்லை 18. படிப்பவருக்கு வேலையைப் பற்றி எதுவும் தெரிவதற்கு முன்பே, நீங்கள் எல்லைக்கு வெளியே நிற்பது தெரிந்துவிடுகிறது. போனில் பேசியவர் ஐந்து பக்கத்தையும் படித்துவிட்டு அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அந்த 28 என்பது எதைக் கூட்டி வந்தது என்று பாருங்கள். லேத் பட்டறையில் இரண்டு வருடம், பம்ப் கம்பெனியில் நான்கு, பவுண்டரியில் ஐந்து, மெஷினிங் கம்பெனியில் ஆறு, சப்ளையர் குவாலிட்டியில் பதினொன்று. ஓசூர் விளம்பரம் கேட்பது "வாகன உதிரிபாகத் துறையில் தரப் பிரிவு அனுபவம் 12–18 வருடம், அதில் சப்ளையர் குவாலிட்டி குறைந்தது 5". மொத்த சர்வீஸ் எவ்வளவு என்று அவர்கள் கேட்கவே இல்லை. நீங்கள்தான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் என்ன? வாகன பாகங்களில் உங்கள் தர வேலை 2008-ல் தொடங்குகிறது. 2008 முதல் 2025 வரை 17 வருடம், அதில் 11 வருடம் சப்ளையர் குவாலிட்டி. அவர்கள் போட்ட எல்லைக்குள் கச்சிதமாக உட்காருகிறது. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. ஆகவே முதல் வரி இப்படி வரட்டும்: "வாகன உதிரிபாகத் தர மேலாண்மையில் 17 வருடம், அதில் 11 வருடம் சப்ளையர் குவாலிட்டி, வார்ப்பு மற்றும் மெஷினிங் வெண்டர்கள்." ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்த அளவே போதும். "செழுமையான", "கடின உழைப்பாளி", "குழுவாக இயங்குபவர்" எல்லாம் வேண்டாம்.

இன்னொரு இடத்திலும் இந்த 28 உங்களைத் தடுக்கிறது. நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு வருடக் கணக்கையும் போட்டுத் தேட முடியும். அங்கே "மொத்த அனுபவம்" என்ற கட்டத்தில் நீங்கள் 28 என்று நிரப்பியிருக்கிறீர்கள். 18 வரை என்று தேடுபவரின் பட்டியலில் உங்கள் பெயர் வரவே வராது. ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை, யாரும் திறக்கப் போவதில்லை. அதற்காக அந்தக் கட்டத்தில் 17 என்று போடச் சொல்ல மாட்டேன். மொத்தம் எவ்வளவு என்று நேராகக் கேட்கிறது, நேராகத்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது, அந்த வாசல் உங்களுக்குக் குறுகலானது என்று தெரிந்துகொண்டு அங்கே செலவழிக்கும் நேரத்தைக் குறையுங்கள். உங்கள் அறுபது விண்ணப்பங்களில் ஐம்பதுக்கு மேல் அந்த வழியில் போனவை என்று எழுதியிருக்கிறீர்கள். 11 வருடமாக நீங்கள் ஆடிட் செய்த வெண்டர்களில் பலர் ஓசூர் கம்பெனிகளுக்கும் சரக்கு அனுப்புகிறவர்கள்தானே? அவர்களில் ஒருவர் அங்குள்ள கொள்முதல் மேலாளரிடம் நேராக ரெஸ்யூமேவைக் கொடுத்தால், எந்த வடிகட்டியும் இல்லாமல் அது ஒரு மனிதரின் கைக்குப் போகும்.

எங்கே வெட்டுவது

பத்து வருடம் என்ற கணக்கை வைத்து வெட்டினால் உங்கள் விஷயத்தில் என்ன ஆகும்? 2015-க்கு முந்தையது எல்லாம் போகும். கடைசிக் கம்பெனியில் நீங்கள் சேர்ந்ததே 2014. ஒரே வேலையின் நடுவில் கத்தி விழும். மிஞ்சுவது பத்து வருடம், அவர்கள் கேட்கும் குறைந்தபட்சமோ 12. "ஜாஸ்தி" என்று ஒதுக்கியவர்கள் இப்போது "போதாது" என்று ஒதுக்குவார்கள்.

வெட்டும் இடத்தை நாள்காட்டி சொல்லாது, விளம்பரம்தான் சொல்லும். விளம்பரத்தின் பொறுப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்து, இந்த வேலையை நான் முதன்முதலில் எந்த வருடம் செய்தேன் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். நான் உங்களுக்காக எழுதிப் பார்த்தேன். வெண்டர் ஆடிட்: 2014. புதிய பாகத்துக்கு உற்பத்திக்கு முன் வாங்கும் பி.பி.ஏ.பி. ஒப்புதல்: தயாரித்துக் கொடுத்தது 2008 முதல், வாங்கிச் சரிபார்த்தது 2014 முதல். வாடிக்கையாளர் புகாருக்கு 8டி அறிக்கை: 2008. உள்வரும் சரக்கின் ரிஜெக்‌ஷனைக் குறைப்பது: 2014. வார்ப்புக் குறைபாடுகளைப் பற்றிய அறிவு: 2003. கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே 2008-க்கு இந்தப் பக்கம். வெட்டுக்கோடு அங்கேதான்.

இடத்தையும் அதேபோலப் பங்கிடுங்கள். ரெஸ்யூமே மொத்தம் இரண்டு பக்கம். ஒரே பக்கம் என்பது புதிதாகப் படித்து வருபவர்களுக்கு. 17 வருடத்தை அதில் அடைத்தால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். 2014–2025 வேலைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். 2008–2014-க்கு நான்கு வரி. அதற்கு முன்பு உள்ள மூன்று இடங்களுக்கும் சேர்த்து "முந்தைய பணி" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே கம்பெனி, பதவி என இடத்துக்கு ஒரு வரி. வருடம் போட வேண்டாம், என்ன செய்தீர்கள் என்ற விளக்கமும் வேண்டாம். அந்த மூன்று வரியையும் எடுத்துவிடலாமே என்று மகள் கேட்பாள். எடுக்காதீர்கள். கல்வியில் டிப்ளமோ, பணியில் 2008 உதவி மேலாளர் என்று மட்டும் இருந்தால், நேராக மேலாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் போலத் தெரியும். நடுவில் என்ன ஆனது என்று படிப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த மூன்று வரிகள் அந்தக் கேள்வியை எழ விடாது.

பவுண்டரியில் இருந்த ஐந்து வருடத்தை ஒரு வரியில் அடைப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். நான்காம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு பத்தியைப் பாருங்கள். 2019-ல் ஒரு வார்ப்பு வெண்டரிடமிருந்து வந்த பம்ப் ஹவுசிங்கில் மெஷினிங் முடிந்த பிறகு துளைகள் தெரிந்தன. வெண்டர் மெஷினிங் மேல் பழி போட்டார். நீங்கள் போய் உடைத்துப் பார்த்து, அது வாயுத் துளை அல்ல, சுருங்கும்போது விழும் குழி என்று சொல்லி, சுருங்கும் இடத்துக்கு உருகிய உலோகம் ஊட்டும் ரைசரை வைக்கும் இடத்தை மாற்ற வைத்தீர்கள். பத்து லட்சத்துக்கு, அதாவது பி.பி.எம். கணக்கில், 3,200 என்றிருந்த ரிஜெக்‌ஷன் எட்டு மாதத்தில் 450 ஆனது. பவுண்டரியில் ஐந்து வருடம் நிற்காத ஒருவரால் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. 2003-ல் கற்றது 2019-ல் வேலை செய்திருக்கிறது. அதை 2019-ன் கீழே எழுதுங்கள். அப்படி எழுதினால் பவுண்டரி ரெஸ்யூமேவின் சரியான பக்கத்துக்கு வந்துவிடும்.

இந்தப் பத்தியை நீங்கள் எப்படி எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? "வெண்டர் தர மேம்பாட்டு நடவடிக்கைகளுக்குப் பொறுப்பு, வார்ப்புக் குறைபாடுகள் குறைக்கப்பட்டன." எண்களை என்னிடம் கடிதத்தில் சொன்னீர்கள், ரெஸ்யூமேவில் சொல்லவில்லை. இப்படி மாற்றலாம்: "பம்ப் ஹவுசிங் வார்ப்பில் சுருக்கக் குழிகளின் காரணத்தைக் கண்டறிந்து, வெண்டரின் ரைசர் அமைப்பை மாற்ற வைத்து, ரிஜெக்‌ஷனை 3,200-லிருந்து 450 பி.பி.எம். ஆக எட்டு மாதத்தில் குறைத்தது." என்ன பாகம், என்ன குறை, நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு மாறியது, எவ்வளவு நாளில் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. ஓசூர் விளம்பரம் கேட்பது அலுமினியம் டை கேஸ்டிங், உங்களுடையது இரும்பு வார்ப்பு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் கடைசி வருடங்களில் அலுமினிய வெண்டர்கள் இருவரைப் பார்த்தீர்கள் என்று ஓரமாக ஒரு குறிப்பு இருக்கிறதே, அதை மேலே கொண்டு வாருங்கள். இதே மாதிரி ஐந்து வரிகள் இருந்தால் போதும். பதினொரு வருடத்தில் ஐந்து கிடைக்காமல் போகாது.

வயதைச் சொல்லிக்கொடுக்கும் பழைய பெயர்கள்

பிறந்த தேதியை எடுத்துவிட்டால் வயது தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். எடுத்துவிடுங்கள். தந்தை பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், பத்தாம் வகுப்பு மதிப்பெண், கடைசியில் வரும் உறுதிமொழி எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள், அரைப் பக்கம் மிச்சமாகும். டிப்ளமோ முடித்த வருடத்தையும் விட்டுவிடலாம், படிவத்தில் கேட்டால் அங்கே சொன்னால் போதும். ஆனால் உங்கள் வயதைப் பிறந்த தேதியைவிடச் சத்தமாகச் சொல்பவை வேறு.

திறன்கள் பட்டியலில் ஐ.எஸ்.ஓ. 9002, க்யூ.எஸ். 9000 என்று பழைய தர விதிகளின் பெயர்கள் இருக்கின்றன. முதலாவது 2000-ல் வந்த புதிய பதிப்போடு 9001-க்குள் கரைந்துவிட்டது. இரண்டாவது 2006 டிசம்பரோடு முடிந்தது. இவற்றை வைத்திருப்பதால் கிடைக்கும் பலன் ஏதுமில்லை. இதைவிடக் கெடுதல், 2014–2025 வேலையின் கீழே "டி.எஸ். 16949 அமலாக்கம்" என்று எழுதியிருப்பது. 2016 அக்டோபரில் அந்த வாகனத் துறைத் தர விதிக்குப் பதிலாக ஐ.ஏ.டி.எஃப். 16949 வந்துவிட்டது, பழைய சான்றிதழ்கள் 2018 செப்டம்பரோடு செல்லாமல் போயின. உங்கள் கம்பெனி அந்த மாற்றத்தைச் செய்தபோது வெண்டர் பக்கத்து வேலையை நடத்தியதே நீங்கள்தான் என்று கடிதத்தில் சொல்கிறீர்கள். அப்படிப்பட்டவர் பழைய பெயரை எழுதினால் இரண்டு நஷ்டம். புதிய பெயரைப் போட்டுத் தேடுபவருக்கு நீங்கள் அகப்பட மாட்டீர்கள். அகப்பட்டாலும், 2015-லேயே நின்றுவிட்டவர் என்று நினைப்பார்.

கோளாறு எங்கே வரும் என்று முன்கூட்டியே அலசும் எஃப்.எம்.இ.ஏ. விஷயமும் இப்படித்தான். ஆர்.பி.என். குறைப்பு என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2019-ல் வந்த கையேட்டில் அந்த அபாய மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆக்‌ஷன் ப்ரையாரிட்டி என்ற முறை வந்தது உங்களுக்குத் தெரியும். புது முறையில் செய்திருந்தால் அதை எழுதுங்கள். பழைய கம்பெனி கடைசிவரை பழைய முறையிலேயே இருந்தது என்றால் பொய்யாகச் சேர்க்காதீர்கள். ஒரு குறுகிய பயிற்சி எடுத்துவிட்டு, பயிற்சி எடுத்தேன் என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் உங்கள் துறைக்காரர், ஒரே கேள்வியில் தெரிந்துகொண்டுவிடுவார்.

விடுவது வேறு, மாற்றுவது வேறு

இப்போது நண்பரின் பயத்துக்கு வருவோம். ரெஸ்யூமே என்பது சர்வீஸ் ரெஜிஸ்டர் அல்ல. எதைச் சொல்வது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் காகிதம் அது. அதில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது மோசடி ஆகாது. ஆனால் வேலை உறுதியாகும் கட்டத்தில் வரும் விண்ணப்பப் படிவமும் பின்னணிச் சரிபார்ப்புப் படிவமும் அப்படியல்ல. "இதுவரை பணிபுரிந்த எல்லா இடங்களும்" என்று கேட்டால் லேத் பட்டறை உட்பட எல்லாவற்றையும் எழுத வேண்டும். கீழே கையெழுத்து போட்டு உறுதி தருகிறீர்கள். அதில் விட்டால்தான் நண்பர் சொன்னது நடக்கும். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வேலை போகலாம்.

ரெஸ்யூமேவிலேயே தாண்டக்கூடாத கோடுகளும் உண்டு. "மொத்த அனுபவம் 17 வருடம்" என்று எழுதினால் பொய். "வாகன உதிரிபாகத் தரத்தில் 17 வருடம்" என்று எழுதினால் உண்மை. இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் கவனமாக இருங்கள். தேதிகளை இழுக்கக் கூடாது, இரண்டு வேலைகளை ஒன்றாக்கக் கூடாது. முக்கியமாக, கடைசி வேலையில் "இன்று வரை" என்று இருக்கிறது. அது மார்ச்சில் முடிந்துவிட்டது. மறந்திருப்பீர்கள், அல்லது அப்படியே இருக்கட்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே "2025 மார்ச் வரை" என்று மாற்றுங்கள். 28 வருடத்தில் பதினொன்றை விடுவதைவிட, ஏழு மாதத்தை மறைப்பதுதான் உங்களைச் சிக்க வைக்கும். இ.பி.எஃப்.ஓ. தளத்தில் உங்கள் சர்வீஸ் ஹிஸ்டரியில் வெளியேறிய தேதி பளிச்சென்று இருக்கும், இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தையே அச்செடுத்துக் கேட்கிறார்கள். பிரிவு இடம் மாறியதால் விலகினேன் என்பது கௌரவமான காரணம், அதை மறைக்க எந்த அவசியமும் இல்லை.

அந்தப் பக்கத்தை நீங்களும் இப்போதே திறந்து பாருங்கள். கடைசிக் கம்பெனி வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு நீங்களே பதிவு செய்ய முடியும். யு.ஏ.என். எண் 2014-ல்தான் வந்தது என்பதால் அதற்கு முந்தைய கணக்குகள் தனித்தனியாகக் கிடக்கலாம். அவற்றை ஒரே எண்ணின் கீழ் மாற்றிவிடுங்கள். ரெஸ்யூமேவில் விட்ட வருடங்கள் பென்ஷன் கணக்கில் விட்டுப்போகக் கூடாது, அங்கே ஒவ்வொரு வருடமும் எண்ணப்படும்.

"ஜாஸ்தி" என்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனியார் கம்பெனி ஆளெடுக்கும்போது வயதைப் பார்க்கக் கூடாது என்று தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு பேசுவது அரசு வேலையைப் பற்றி. இணையத்தில் படிக்கும் அமெரிக்க ஆலோசனைகளைப் பார்த்து நமக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அங்கே 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1967-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. இங்கே வழக்கு போடும் வழியில் யோசிப்பது உங்கள் நேரத்தை வீணாக்கும்.

ஆனால் போனில் அவர் சொன்னது வயதை மட்டும் அல்ல. மேஜைக்கு அந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்குள் மூன்று சந்தேகங்கள் இருக்கும். இவர் கேட்கும் சம்பளம் நம் பட்ஜெட்டுக்குள் வருமா? 40 வயது பிளான்ட் ஹெட்டுக்குக் கீழே வேலை செய்வாரா? வாரத்தில் மூன்று நாள் வெண்டர் இடத்தில் போய் நிற்பாரா, அல்லது அறையில் உட்கார்ந்து ஆட்களை அனுப்புவாரா? வெட்டிய ரெஸ்யூமே உங்களை இன்டர்வியூ வரை கொண்டுபோகும், இந்த மூன்றும் அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவதற்கு ரெஸ்யூமேவிலேயே பதில் சொல்லலாம்: "மாதம் சராசரியாக எத்தனை வெண்டர் ஆடிட், நேரில்" என்று ஒரு எண் போடுங்கள். இரண்டாவதற்கு, உங்கள் கடைசி மேலாளர் உங்களைவிட ஆறு வயது இளையவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையே இயல்பாகச் சொல்லுங்கள். சம்பளத்துக்கு முதல் போன் பேச்சிலேயே, "கடைசியாக வாங்கியது இவ்வளவு, இந்தப் பதவிக்கு உங்கள் வரம்பு என்ன என்று தெரிந்தால் பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு குறைத்துக்கொள்ள முடியும் என்பதை வீட்டில் பேசி முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள், அங்கே போய் யோசிக்க வேண்டாம். வயதைக் கேட்டால் 47 என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். தயங்கினால்தான் அது பெரிதாகும்.

இந்த இரண்டு பக்க வடிவம் ஓசூர் மாதிரியான வேலைகளுக்குத்தான். பிளான்ட் ஹெட் பதவிக்கோ, பாலிடெக்னிக் ஆசிரியர் பணிக்கோ, தர ஆலோசகராகத் தனியாகத் தொழில் செய்யவோ போனால் பவுண்டரியும் பம்ப் கம்பெனியும் மறுபடி விரிவாக உள்ளே வர வேண்டும். அங்கே வருடங்களுக்கே மதிப்பு.

ஆகவே அந்த ஐந்து பக்கத்தை அழிக்காதீர்கள். "முழு விவரம்" என்று பெயர் வைத்துத் தனிக் கோப்பாக வையுங்கள். சரிபார்ப்புப் படிவம் வரும் நாளில் அதைப் பார்த்துத்தான் நிரப்பப் போகிறீர்கள். அப்புறம், அதில் பவுண்டரியில் சேர்ந்தது ஒரு இடத்தில் 2003 ஜூன் என்றும், இன்னொரு இடத்தில் ஆகஸ்ட் என்றும் இருக்கிறது. பீரோவில் இருக்கும் பணி நியமன ஆர்டரை எடுத்து எது சரி என்று பார்த்து, முதலில் அதைத் திருத்திவிடுங்கள்.